வெண்டர் பதிவுக்கு ஆவணம் குறைகிறதா? பெரிய கம்பெனிக்குப் பதில் எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட், கிருமாம்பாக்கம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடிப் பக்கம் சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கிருமாம்பாக்கத்தில் எஸ்எஸ் டேங்க், பைப் ஸ்பூல், பிளாட்ஃபார்ம் செய்யும் ஒரு பார்ட்னர்ஷிப் பட்டறை. 14 பேர் வேலை செய்கிறார்கள், வருட விற்றுமுதல் 4 கோடி. கடலூர் சிப்காட்டில் உள்ள ஒரு பெரிய கெமிக்கல் தொழிற்சாலையிலிருந்து ஜூன் 3 அன்று மெயில் வருகிறது: 16 ஆவணங்கள், 7 வேலை நாள் கெடு. கையில் இருப்பது 9.

எல்லாம் சேந்தப்புறம் ஒண்ணா அனுப்பலாமா? இல்ல, இருக்கறத இப்பவே அனுப்பிடணுமா?

இப்பவே அனுப்புங்கள். ஆனால் ஒரே மெயிலில், 16 வரிக்கும் பதில் இருக்கும்படி அனுப்புங்கள். மெயில் போட்ட பர்ச்சேஸ் ஆளுக்கு உங்கள் பட்டறையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. அவர் முன்னால் 16 கட்டம் உள்ள ஒரு செக்லிஸ்ட் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது எழுதினால்தான் கோப்பு அடுத்த மேசைக்கு, அதாவது அக்கவுண்ட்ஸுக்கு நகரும். ‘இணைத்துள்ளோம்’, ‘பொருந்தாது’, ‘இந்தத் தேதியில் தருகிறோம்’ என மூன்றில் எதை எழுதினாலும் அது பதில்தான். காலியாக விட்ட கட்டம்தான் பிரச்சினை.

இன்று பான் கார்டு, நாளை செக், மறுநாள் வாட்ஸ்அப்பில் டீட் என்று துண்டு துண்டாக அனுப்பினால் எது வந்தது, எது வரவில்லை என்று அவருக்கே தெரியாமல் போகும். கடைசியில் முழு லிஸ்ட்டையும் மறுபடி கேட்பார். ஆன்லைன் போர்ட்டல் வழியாகப் பதிவு என்றால் இன்னும் சிக்கல், ஏனென்றால் அழைப்பு லிங்க்குக்குப் பெரும்பாலும் காலாவதி உண்டு. கெடு 7 நாள் என்றால் மூன்றாவது நாளே முதல் பதில் போய்விட வேண்டும். மீதி நாட்கள் அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விக்கு வேண்டும்.

பதில்ல என்னென்ன எழுதணும்? ஒரு மாதிரி குடுத்தா நல்லா இருக்கும்.

நிஜத்தில் இது ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளடக்கம் மட்டும் இங்கே தமிழில். அவர்கள் மெயிலின் குறிப்பு எண்ணை சப்ஜெக்ட் வரியிலேயே போடுங்கள். புது மெயில் தொடங்காமல் அவர்கள் மெயிலுக்கே ரிப்ளை கொடுங்கள்.

> ஜூன் 3 தேதியிட்ட தங்கள் மெயிலில் கேட்டிருந்த 16 ஆவணங்களின் நிலை, தங்கள் வரிசை எண்படியே கீழே.
> இணைத்துள்ளவை 9: வரிசை எண் 1, 2, 4, 5, 7, 8, 10, 13, 16.
> எங்களுக்குப் பொருந்தாதவை 4: வரிசை எண் 3, 6, 9, 12. ஒவ்வொன்றுக்கும் காரணமும் மாற்று ஆவணமும் இணைப்பில்.
> நிலுவையில் உள்ளவை 3:
> வரிசை எண் 11, கடந்த மார்ச்சோடு முடிந்த ஆண்டின் நிதிநிலை அறிக்கை. முந்தைய இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளும், அந்த ஆண்டின் தற்காலிக அறிக்கையும் இணைப்பில். இறுதி அறிக்கை செப்டம்பர் 15-க்குள்.
> வரிசை எண் 14, இரண்டாவது ஷெட் முகவரி சேர்ந்த ஜிஎஸ்டி சான்று. விண்ணப்பம் ஜூன் 8 அன்று பதிவாகும், அதன் எண்ணை அன்றே அனுப்புவோம். சான்று ஜூலை 24-க்குள்.
> வரிசை எண் 15, ஐஎஸ்ஓ 9001. தற்போது இல்லை. சான்று நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஜூன் 30-க்குள், சான்றிதழ் டிசம்பர் 15-க்குள்.
> இந்த மூன்றும் வரும்வரை தற்காலிக வெண்டர் கோடு வழங்க இயலுமா என்று தெரிவிக்கவும். தொடர்புக்கு: பெயர், மொபைல் எண்.

மன்னிப்பும் வேண்டாம், தொழிற்சாலையின் பெருமையும் வேண்டாம். நிலுவையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இன்றைய நிலை, அதற்கு இப்போதே காட்டக்கூடிய ஆதாரம், ஒரு தேதி. ‘விரைவில்’, ‘பிராசஸில் உள்ளது’ என்பதெல்லாம் செக்லிஸ்ட் கட்டத்தில் ஏறாது.

இணைப்புகளுக்கு அவர்கள் வரிசை எண்ணையே பெயராக வையுங்கள். போனில் எடுத்த படம் `IMG_2231.jpg` என்றே போனால் அதை யாரும் திறந்து பார்த்து அடுக்க மாட்டார்கள்.

```
01_PAN.pdf
02_GST_REG06.pdf
11a_Balance_Sheet_Provisional.pdf
```

‘பொருந்தாது’ன்னு எழுதினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்களே?

வெறுமனே ‘பொருந்தாது’ என்று மட்டும் எழுதினால் பண்ணலாம். காரணத்தையும் மாற்று ஆவணத்தையும் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் லிஸ்ட் எல்லா வகை வெண்டருக்கும் சேர்த்துத் தயாரித்தது. பிரைவேட் லிமிடெட்டுக்குக் கேட்பதைப் பார்ட்னர்ஷிப்பிடமும் கேட்பார்கள்.

நம் எடுத்துக்காட்டில் நான்கு. இன்கார்ப்பரேஷன் சான்றிதழ் கம்பெனிக்குத்தான் உண்டு. பார்ட்னர்ஷிப் என்றால் டீட்டும், ஃபர்ம் பதிவாளரிடம் பதிந்திருந்தால் அந்தச் சான்றும் போதும். தனி முதலாளி என்றால் ஜிஎஸ்டி சான்றும் உத்யம் சான்றும். இ-இன்வாய்ஸ் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் தொட்டவர்களுக்குத்தான் கட்டாயம், எனவே லெட்டர்பேடில் ஓர் உறுதிமொழி. ஆனால் 2017-18 முதல் எந்த ஒரு வருடத்திலாவது 5 கோடியைத் தாண்டியிருந்தால் அது பொருந்தும். போன வருடத்தை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள். மூன்றாவது, வருமான வரி ரிட்டர்ன் போடாதவர்களிடம் கூடுதல் டிடிஎஸ் பிடிக்கச் சொன்ன 206AB பிரிவுக்கான உறுதிமொழி. அந்தப் பிரிவே 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது, பழைய படிவத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் வாதம் பண்ண வேண்டாம். ஒரு வரியில் சொல்லிவிட்டு, வேண்டுமென்றால் ரிட்டர்ன் அக்னாலெட்ஜ்மென்ட்டை இணையுங்கள். நான்காவது பிஎஃப், அது அடுத்த கேள்வி.

இன்னொன்று: எம்எஸ்எம்இ சான்று என்று கேட்டால் பழைய உத்யோக் ஆதார் செல்லாது. `UDYAM-PY` அல்லது `UDYAM-TN` என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அது இலவசம், அன்றைக்கே எடுத்துவிடலாம். எனவே அதை நிலுவை லிஸ்ட்டில் போடுவது அழகல்ல.

எங்ககிட்ட 14 பேருதான். பிஎஃப் கோடு இல்லாம வெண்டர் கோடு தர மாட்டோம்னு சொல்றாங்க.

சட்டப்படி பிஎஃப் 20 பேர் முதல், ஈஎஸ்ஐ 10 பேர் முதல். எனவே 14 பேர் உள்ள பட்டறைக்கு ஈஎஸ்ஐ கண்டிப்பாக இருக்க வேண்டும். அது இல்லாமல் ‘ஆட்கள் குறைவு’ என்று எழுதினால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள். பிஎஃப் பொருந்தாது என்பதற்கு ஆள் எண்ணிக்கையோடு ஓர் உறுதிமொழியும், அதே எண்ணிக்கையைக் காட்டும் ஈஎஸ்ஐ மாதாந்திரப் பட்டியலும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டிலும் எண் வேறுபட்டால் உடனே கேள்வி வரும். 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர் ஈஎஸ்ஐ பட்டியலில் இருக்க மாட்டார், அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகும் பிடிவாதமாகக் கேட்டால் காரணம் பெரும்பாலும் வேறு. நீங்கள் பொருளை மட்டும் அனுப்புகிறீர்களா, உங்கள் ஆட்கள் அவர்கள் வளாகத்துக்குள் வந்து ஃபிட்டிங் செய்வார்களா என்று கேளுங்கள். உள்ளே வந்து வேலை செய்யும் ஒப்பந்த ஆட்களுக்கு பிஎஃப் கட்டாவிட்டால் பொறுப்பு முதன்மை முதலாளியான அவர்கள் தலையில் விழும். அதனால்தான் விட மாட்டார்கள். பொருள் சப்ளை மட்டும் என்றால் ‘சப்ளை மட்டும், தள வேலை இல்லை’ என்று எழுதிப் பதிவு வகையையே மாற்றச் சொல்லுங்கள். தள வேலையும் வேண்டும் என்றால் 20 பேருக்குக் குறைவாக இருந்தாலும் விருப்பத்தின் பேரில் சேரலாம். ஆனால் ஒரு ஆர்டருக்காகச் சேர்ந்துவிட்டு நினைத்தவுடன் விட முடியாது, மாதா மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூணு வருஷ ஆடிட்டட் பேலன்ஸ் ஷீட் கேக்கறாங்க. எங்களுக்கு ஆடிட்டே கிடையாதே?

இது மிகவும் சாதாரணம். பார்ட்னர்ஷிப்புக்குக் கம்பெனிபோலக் கட்டாய ஆடிட் இல்லை. வரி ஆடிட்டும், ரொக்க வரவும் செலவும் தனித்தனியே 5 சதவீதத்துக்குள் இருந்தால் 10 கோடி விற்றுமுதல் வரை வேண்டியதில்லை. அப்படியென்றால் ஆடிட்டர் தயாரித்துச் சான்றளித்த லாப நட்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும், அந்தந்த வருட ரிட்டர்ன் அக்னாலெட்ஜ்மென்ட்டும் கொடுங்கள். ஆடிட்டர் கையெழுத்தின் கீழே 18 இலக்க யுடிஐஎன் இருக்க வேண்டும். வாங்குபவரின் அக்கவுண்ட்ஸில் அதை ஆன்லைனில் அடித்துப் பார்ப்பார்கள். முன்தேதியிட்டுச் சான்று வாங்கலாம் என்ற யோசனை இங்கேதான் உடையும், ஏனென்றால் அந்த எண்ணோடு தேதியும் திரையில் வந்துவிடும்.

ஜூன் மாதத்தில், மார்ச்சில் முடிந்த வருடத்தின் இறுதிக் கணக்கைக் கேட்டால் யாரிடமும் இருக்காது. தற்காலிக அறிக்கை கொடுத்து, மேலே ‘தற்காலிகம்’ என்று தெளிவாக அச்சிடுங்கள். வரி ஆடிட் உள்ளவர்களுக்கு அறிக்கைக்கான கடைசித் தேதி செப்டம்பர் 30. ஆடிட்டர்கள் எல்லோருக்கும் வேலை குவிவது அந்த மாதம்தான். எனவே ‘ஜூலையில் தருகிறேன்’ என்று நீங்களாக எழுதாதீர்கள். ஆடிட்டரிடம் தேதி கேட்டு, அதில் இரண்டு வாரம் கூட்டி எழுதுங்கள். எடுத்துக்காட்டில் ஆடிட்டர் ஆகஸ்ட் இறுதி என்கிறார், கடிதத்தில் செப்டம்பர் 15 என்று போகிறது.

ஆறு மாச GSTR-3B வேணுமாம். நாங்க மூணு மாசத்துக்கு ஒருதரம்தான் போடறோம்.

5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுத் திட்டத்தில் இருக்கலாம், தவறே இல்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் காலாண்டு GSTR-3B கடைசித் தேதி அடுத்த மாதம் 22. ஜூன் முதல் வாரத்தில் உங்களிடம் இருப்பவை அக்டோபர்–டிசம்பர், ஜனவரி–மார்ச் ஆகிய இரண்டு ரிட்டர்ன். அதுவே ஆறு மாதம். ஏப்ரலுக்கு வரி கட்டிய `PMT-06` சலான் இருந்தால் சேர்த்துவிடுங்கள். ‘நாங்கள் காலாண்டுத் திட்டத்தில் உள்ளோம், அடுத்த ரிட்டர்ன் ஜூலை 22-க்குள்’ என்ற ஒரு வரி போதும். அந்த வரி இல்லாவிட்டால் பார்ப்பவருக்கு நான்கு மாதம் ரிட்டர்ன் போடாதவர் மாதிரி தெரியும்.

எல்லா ஆவணமும் குடுத்தும் ‘பெயர் பொருந்தவில்லை’ன்னு திருப்பி அனுப்பறாங்க.

பெரும்பாலும் தனி முதலாளி பட்டறைகளில் வருவது இது. ஜிஎஸ்டி சான்றில் இரண்டு பெயர் இருக்கும்: சட்டப் பெயர் என்ற இடத்தில் முதலாளியின் சொந்தப் பெயர், வணிகப் பெயர் என்ற இடத்தில் பட்டறைப் பெயர். பான் முதலாளி பெயரில். வங்கிக் கணக்கு பட்டறைப் பெயரில். படிவத்தில் ‘வெண்டர் பெயர்’ என்ற கட்டத்தில் பட்டறைப் பெயரைப் போட்டால் பான் சரிபார்ப்பில் நிற்கும், சொந்தப் பெயரைப் போட்டால் வங்கிச் சரிபார்ப்பில் நிற்கும்.

‘சொந்தப் பெயர், முதலாளி, இன்ன பட்டறை’ என்று இரண்டும் சேர்ந்த பெயரில் வங்கியிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று வாங்குங்கள். கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, முதலாளி பெயர் மூன்றும் அதில் இருக்க வேண்டும். கிளையில் கேட்டால் ஓரிரு நாளில் தருவார்கள். கேன்சல் செக்கில் பெயர் அச்சிடப்படாமல் இருந்தாலும் இதே கடிதம் கைகொடுக்கும். செக்கில் ‘கேன்சல்’ என்று குறுக்கே எழுதினால் போதும், கையெழுத்துப் போட வேண்டாம்.

பார்ட்னர்ஷிப்பில் ஃபர்ம் பெயரிலேயே பான் இருப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே வருவது எழுத்துப் பிழை: டீடில் ‘ஸ்ரீ’ என்றும் பானில் அது இல்லாமலும் இருக்கும். எதை மாற்றுவது என்று குழம்ப வேண்டாம். பானில் உள்ளபடியே வெண்டர் படிவத்தை நிரப்புங்கள், இரண்டு பெயரும் ஒரே ஃபர்ம்தான் என்று ஒரு உறுதிமொழி இணையுங்கள்.

பட்டறை கிருமாம்பாக்கம், ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்துல வீட்ல. எந்த அட்ரஸ் குடுக்கறது?

நம் பகுதிக்கே உரிய சிக்கல். பஸ்ஸில் அரை மணி தூரம்தான், ஆனால் ஜிஎஸ்டிக்கு அது வேறு மாநிலம். புதுச்சேரி எண் 34-இல் தொடங்கும், தமிழ்நாடு 33-இல். ஒரு மாநிலப் பதிவில் இன்னொரு மாநில முகவரியைக் கூடுதல் இடமாகச் சேர்க்க முடியாது. வெண்டர் கோடும் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒன்று என்றுதான் உருவாகும். எனவே சரக்கு எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த இடத்தின் எண்ணையும் முகவரியையும் கொடுங்கள். வீட்டில் கணக்கு எழுதுவது, போன் எடுப்பது மட்டும் என்றால் அதைக் கடிதப் போக்குவரத்து முகவரி என்று மட்டும் காட்டுங்கள். கடலூரில் சரக்கு வைத்து அங்கிருந்தே பில் போடுகிறீர்கள் என்றால் 33-இல் தனிப் பதிவு வேண்டும்.

படிவத்தில் மாநிலம் என்ற இடத்தில் பழக்கத்தில் ‘தமிழ்நாடு’ என்று தேர்ந்தெடுத்துவிடுவார்கள். போர்ட்டல் உடனே நிராகரித்தால் நல்லது. நிராகரிக்காமல் உள்ளே போய்விட்டால்தான் வம்பு: பர்ச்சேஸ் ஆர்டரில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று வரும், நீங்கள் போடும் பில் ஐஜிஎஸ்டியில் இருக்கும், பில் அக்கவுண்ட்ஸில் நிற்கும். முதல் ஆர்டர் வந்ததும் வரி வரியைப் பாருங்கள். கிருமாம்பாக்கத்திலிருந்து கடலூருக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில்லும் வேண்டும், தூரம் குறைவு என்பதெல்லாம் கணக்கில் வராது.

தேதி எப்படிக் கணக்குப் போடறது? அவங்க அவசரத்துக்குக் கம்மியா சொல்லிட்டு அப்புறம் பாத்துக்கலாமா?

அப்படிச் சொல்வதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கிறது. எடுத்துக்காட்டில் உள்ள இரண்டாவது ஷெட்டையே பார்ப்போம். புதுச்சேரிக்குள்ளேயே இருப்பதால் பழைய ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாகச் சேர்த்தால் போதும். அதற்கு `REG-14` விண்ணப்பம். இடம் மாறிய 15 நாளுக்குள் போட வேண்டும் என்பது விதி, பலர் கம்பெனி கேட்ட பிறகுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அதிகாரிக்கு 15 வேலை நாள். அவர் எதுவும் கேட்காமல் அந்தக் காலம் முடிந்தால் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும். இதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் ஜூன் 8 அன்று விண்ணப்பித்தால் ஜூன் கடைசியில் சான்று கைக்கு வரும்.

ஆனால் அந்த 15 நாளின் கடைசியில் கூட அதிகாரி `REG-03`-இல் விளக்கம் கேட்கலாம். பதில் சொல்ல உங்களுக்கு 7 வேலை நாள், பதிலைப் பார்க்க அவருக்கு 7 வேலை நாள். மொத்தம் 29 வேலை நாள். சனி, ஞாயிறு தள்ளி எண்ணினால் ஜூலை 17 வந்துவிடும். நடுவில் ஓரிரு அரசு விடுமுறைக்கும் சேர்த்து ஒரு வாரம் கூட்டினால் ஜூலை 24. கடிதத்தில் போக வேண்டியது இந்தத் தேதி. முன்பே வந்துவிட்டால் முன்பே கொடுங்கள், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விளக்கம் எதற்கு வரும் என்பதும் பெரும்பாலும் முன்பே தெரியக்கூடியதுதான். வாடகை ஷெட் என்றால் வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் மின்கட்டண ரசீதும் ஏற்ற வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் மகன், மின் இணைப்பு இன்னும் இறந்துபோன அப்பா பெயரில். இந்த ஊரில் பாதி ஷெட் இப்படித்தான். பெயர் மாற்றி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மகன் பெயரில் உள்ள சொத்து வரி ரசீது இருந்தால் அதைப் போடுங்கள். அதுவும் அப்பா பெயரில் என்றால் வாரிசுச் சான்றையும், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தையும் முதலிலேயே சேர்த்து ஏற்றுங்கள். கதவு எண் ஒப்பந்தத்தில் ஒன்று, ரசீதில் ஒன்று என்று இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். இந்த இரண்டையும் விண்ணப்பத்துக்கு முன் சரிபார்க்கத்தான் மெயில் வந்த ஜூன் 3-க்கும் 8-க்கும் இடையில் உள்ள நாட்கள்.

மற்ற ஆவணங்களுக்கும் இதே முறைதான். உங்கள் கையில் உள்ள வேலைக்கு எத்தனை நாள், வெளி ஆபீஸுக்கு எத்தனை நாள், திருப்பிக் கேட்டால் எத்தனை நாள் என்று மூன்றாகப் பிரித்துக் கூட்டுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஐஎஸ்ஓ ஒரு வாரத்துல வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொல்றாரு. வாங்கி இணைச்சுடலாமா?

வேண்டாம். முறையான ஐஎஸ்ஓ 9001 சான்றுக்கு முன் பட்டறையில் உள் தணிக்கையும் நிர்வாக மறுஆய்வும் நடந்து, அதற்கான பதிவேடுகள் இருக்க வேண்டும். பிறகு சான்று நிறுவனம் இரண்டு கட்டமாக ஆடிட் செய்யும். முதல் கட்டத்தில் ஆவணங்களைப் பார்ப்பார்கள், இரண்டாவதில் ஷெட்டுக்குள் வந்து வெல்டர் தகுதிச் சான்று, மைக்ரோமீட்டர் கேலிபரேஷன் தேதி எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் வரும் பேப்பரில் இவை எதுவும் நடந்திருக்காது. பெரிய கம்பெனியின் குவாலிட்டி ஆள் சான்றில் என்ஏபிசிபி போன்ற அங்கீகார அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அதன் பிறகு உங்கள் மற்ற 15 ஆவணங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஒழுங்காகச் செய்தால் பூஜ்யத்திலிருந்து நான்கு முதல் ஆறு மாதம். எனவே டிசம்பர் 15. இடைப்பட்ட காலத்துக்குக் காட்ட வேண்டியவை: சான்று நிறுவன ஒப்பந்த நகல், அளவுக் கருவிகளின் கேலிபரேஷன் சான்றுகள், வெல்டர் தகுதிச் சான்று, ஒரு பழைய வேலையின் ஆய்வு அறிக்கை. ‘விரும்பினால் தங்கள் குவாலிட்டி குழு நேரில் வந்து பார்க்கலாம்’ என்று ஒரு வரி சேருங்கள். ஐஎஸ்ஓ இல்லாத சிறு வெண்டரை நேரடி ஆய்வின் பேரில் ஏற்கும் வழி பல கம்பெனிகளில் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். மேலும், கேட்டிருப்பது கட்டாயமா, இருந்தால் நல்லது என்பதா என்றும் விசாரியுங்கள். லிஸ்ட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் அச்சாகியிருக்கும்.

கடைசிப் பக்கத்துல ‘எல்லா ஆவணமும் சமர்ப்பித்துவிட்டோம், எல்லாச் சட்டத்தையும் பின்பற்றுகிறோம்’னு கையெழுத்து கேக்கறாங்க.

மூன்று ஆவணம் நிலுவையில் இருக்கும்போது அந்த வாக்கியத்தின் கீழ் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். ‘ஜூன் 5 தேதியிட்ட எங்கள் கடிதத்தில் நிலுவை என்று குறித்த வரிசை எண் 11, 14, 15 நீங்கலாக’ என்று கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, சீல் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். போர்ட்டலில் டிக் பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் குறிப்பு எழுதும் இடத்தில் அதே வாக்கியத்தைப் போடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் டிக் செய்த அன்றே மெயிலில் எழுதிவிடுங்கள். பின்னால் தகராறு வந்தால் பொய் உறுதிமொழி என்ற ஒரு காரணம் போதும், பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க.

வெண்டர் பதிவுக்கு முன்பணம் கட்டுங்கன்னு ஒரு மெயில் வந்திருக்கு.

மெயில் முகவரியில் @ குறிக்குப் பிறகு உள்ளதைப் பாருங்கள். கம்பெனி டொமைன் இல்லையென்றாலோ, பணம் தனிநபர் கணக்குக்குப் போகச் சொன்னாலோ நிறுத்துங்கள். மெயிலில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யாமல் கம்பெனியின் வெப்சைட்டில் உள்ள எண்ணுக்குச் செய்து உறுதிப்படுத்துங்கள். அதுவரை செக், பான் எதையும் அனுப்ப வேண்டாம்.

சொன்ன தேதி தவறிடும்போல இருக்கு. என்ன பண்றது?

தேதி கடப்பதற்கு முன், ஐந்து வேலை நாளாவது இருக்கும்போது எழுதுங்கள். எங்கே நிற்கிறது, ஆதாரம் என்ன, புதுத் தேதி என்ன என்று மூன்றே வரி. ‘விண்ணப்பம் ஜூன் 24 அன்றுதான் பதிவானது, ஜூலை 14 அன்று `REG-03` வந்தது, 16 அன்று பதில் போட்டோம், நகல் இணைப்பில், புதுத் தேதி ஜூலை 31’. ஆதாரத்தோடு ஒருமுறை தள்ளினால் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது முறை தள்ளினால் அவர்கள் உங்கள் தேதிகளைப் படிப்பதையே விட்டுவிடுவார்கள். எனவே முதல் திருத்தத்திலேயே போதுமான நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் மாறியிருந்தால் பழைய கடிதத்தையும் கீழேயே வைத்து அனுப்புங்கள்.

கோடு இன்னும் வரல. ஆனா ப்ராஜெக்ட் இன்ஜினீயர் போன் பண்ணி வேலைய ஆரம்பிங்க, ஆர்டர் பின்னாடி வரும்னு சொல்றாரு.

இன்ஜினீயர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார், ஆனால் பணம் அவர் கையில் இல்லை. வெண்டர் கோடு இல்லாமல் பர்ச்சேஸ் ஆர்டர் போட முடியாது. ஆர்டர் எண் இல்லாமல் கேட்டில் சரக்கை உள்ளே எடுத்துப் பதிய மாட்டார்கள், அப்படியே எடுத்தாலும் பில்லை ஏற்ற இடம் இருக்காது. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று எம்எஸ்எம்இடி சட்டம் சொல்கிறது. அந்த நாட்கள் சரக்கை ஏற்ற தேதியிலிருந்து ஓடுபவை. ஏற்றதற்குக் காகிதமே இல்லையென்றால் எந்தத் தேதியிலிருந்து எண்ணுவீர்கள்?

அவசர வேலை என்றால் தற்காலிகக் கோடோ, ஒரே ஒரு ஆர்டருக்கான கோடோ கேளுங்கள். அதற்குப் பொதுவாகக் கேட்பவை பான், ஜிஎஸ்டி, வங்கி விவரம் ஆகியவைதான், அவை ஜூன் 5 கடிதத்திலேயே போய்விட்டன. அந்த இன்ஜினீயரிடமே ‘பர்ச்சேஸுக்கு ஒரு மெயில் போடுங்க சார், எங்களையும் அதுல வைங்க’ என்று கேளுங்கள். உள்ளேயிருந்து வரும் ஒரு மெயில், நீங்கள் வெளியிலிருந்து போடும் பத்து ரிமைண்டரைவிட வேகமாக வேலை செய்யும். அதுவரை மெட்டீரியல் வாங்க விலை கேட்டு வையுங்கள், டிராயிங்கைச் சரிபாருங்கள். எஸ்எஸ் ஷீட்டை வெட்ட மட்டும் வேண்டாம், அவர்கள் அளவுக்கு வெட்டிய ஷீட்டை வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.